குரங்கு கத்துவது அலறலா, சொல்லா?

"மண்டபம் பக்கம் எங்க வீடு. பருந்து வந்தா எங்க கோழி ஒரு மாதிரி கத்துது, கீரி வந்தா வேற மாதிரி கத்துது. ஆப்பிரிக்காவுல ஒரு குரங்கு சிறுத்தைக்கு ஒண்ணு, கழுகுக்கு ஒண்ணு, பாம்புக்கு ஒண்ணுன்னு தனித்தனியா சத்தம் வச்சிருக்குன்னு படிச்சேன். அது நிஜமா பேச்சா, இல்ல பயத்துல வர்ற கத்தலா சார்? குட்டிக்கு யாரு சொல்லிக் கொடுக்கிறா?"

கேட்கிற குரங்குக்கு அது செய்தி. கத்துகிற குரங்கு செய்தி சொல்ல வேண்டும் என்று எண்ணிக் கத்துகிறதா என்றால், அதற்கு ஆதாரம் மிகக் குறைவு. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க விஞ்ஞானிகளுக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது. எப்படிப் பிரித்தார்கள் என்று விளங்கிவிட்டால் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும்.

உங்கள் கோழியிலிருந்தே தொடங்குகிறேன். எனக்குத் திருப்புல்லாணிப் பக்கம். கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், பாடத்துக்குத் தயார் செய்ததைவிட எங்கள் கொல்லையில் உட்கார்ந்து பார்த்ததுதான் அதிகம். வேலியோரம் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கும். வெயில் ஏறியதும் கடற்கரைப் பக்கமிருந்து செம்பருந்து வட்டமிட்டு மேலே வரும். தாய்க்கோழி கிளறுவதை நிறுத்திவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். அப்புறம் மெல்லிசாக, இழுத்து, ஒரே ஒரு குரல். அவ்வளவுதான். குஞ்சுகள் அத்தனையும் கருவேலத்தின் அடியில் போய் ஒடுங்கிவிடும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு கீச்சுச் சத்தம்கூட வராது. கீரி வேலிக்குள் மூக்கை நீட்டினால் கதையே வேறு. கோழி கழுத்தை நெட்டுக்குத்தாக நிமிர்த்திக்கொண்டு 'கெக் கெக் கெக் கெக்கே' என்று தெருக்கோடி வரை கேட்கும்படி போடும். ஒளிகிற பேச்சே கிடையாது.

மெல்லிசாக இழுக்கும் குரல் எங்கிருந்து வருகிறது என்று திசை பிடிப்பது கடினம். மேலே இருக்கும் பருந்துக்குத் தன் இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் எச்சரிக்க அது தோதான குரல். கீரி விஷயத்தில் ஒளிந்து பயனில்லை, அது மோப்பம் பிடித்து வந்துவிடும். 'உன்னைப் பார்த்துவிட்டேன்' என்று கீரிக்கே தெரிவிப்பதுதான் லாபம், ஏனென்றால் பதுங்கி வருகிற மிருகம் பார்க்கப்பட்டுவிட்டால் பாதி வேட்டை தோற்றுவிடுகிறது.

சரி, இதை வைத்து 'கோழி பருந்து என்று சொல்கிறது' என்று முடிவு கட்டலாமா? கட்ட முடியாது. குஞ்சும் பருந்தின் நிழலைப் பார்த்திருக்கலாம். தாய் வானத்தைப் பார்ப்பதைப் பார்த்து அதுவும் புரிந்துகொண்டிருக்கலாம். தாய் ஓடியதால் கூடவே ஓடியிருக்கலாம். குரல் ஒன்றுதான் அதை ஓட வைத்தது என்பதற்கு இதில் எந்தச் சாட்சியும் இல்லை. எத்தனை வருடம் கொல்லையில் உட்கார்ந்தாலும் இந்தச் சிக்கல் தீராது.

குரங்கு விஷயத்திலும் இதே சிக்கல்தான் இருந்தது. நீங்கள் படித்த குரங்கு வெர்வெட். கறுப்பு முகம், சாம்பல் உடம்பு, நம் நாட்டுக்குரங்கைவிடக் கொஞ்சம் சிறியது. கென்யாவின் அம்போசெலியில், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்துப் புல்வெளியில், 1960களில் தாமஸ் ஸ்ட்ருசேக்கர் என்ற ஆராய்ச்சியாளர் இவற்றைக் கவனித்து, எதிரிக்கு எதிரி கத்தல் மாறுகிறது என்று எழுதினார். சிறுத்தையைக் கண்டால் ஆண்கள் உரக்கக் குரைக்கும், பெண்கள் கூர்மையாகக் கீச்சிடும். பெரிய கழுகைக் கண்டால் இருமல் மாதிரி இரட்டை அசையில் ஒரு குரல். மலைப்பாம்பைக் கண்டால் படபடவென்று அடுக்கி வரும் ஒரு சத்தம்.

கத்தலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கேட்டவுடன் அவை செய்யும் வேலைதான். சிறுத்தைக்குக் கத்தினால் தரையில் இருப்பவை மரத்துக்கு ஓடும். வெர்வெட் எடை குறைவு, சிறுத்தை வர முடியாத நுனிக்கிளைக்குப் போய்விடும். கழுகுக்குக் கத்தினால் மேலே பார்க்கும், புதருக்குள் நுழையும். அங்கிருக்கும் கழுகு மரத்தின் மேலிருந்தே குரங்கைத் தூக்கக்கூடியது, அதனால் மர உச்சியில் பாதுகாப்பு இல்லை. பாம்புக்குக் கத்தினால் பின்னங்கால்களில் எழுந்து நின்று சுற்றியிருக்கும் புல்லைப் பார்க்கும். மலைப்பாம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், விலகி நின்று அதைச் சூழ்ந்து கத்தலாம்.

இதில் ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றிப் போட முடியாது என்பதைக் கவனியுங்கள். சிறுத்தை பதுங்கும் இடமே புதர். சிறுத்தை வரும்போது புதருக்குள் போனால் அதன் வாயிலேயே போய் விழுவது போல. கழுகு வரும்போது மர உச்சிக்கு ஏறினால் எடுத்துக்கொள் என்று நீட்டுவது போல. 'ஆபத்து!' என்று பொதுவாக ஒரே ஒரு கத்தல் மட்டும் இருந்தால் வெர்வெட்டுக்கு அது உதவாது. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதும் கத்தலோடு சேர்ந்தே வந்தாக வேண்டும். எங்கே தப்பிக்கும் வழிகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றனவோ அங்கேதான் கத்தல்களும் இப்படிப் பிரிவதற்கு வாய்ப்பு அதிகம்.

ஆனால் இதுவும் கொல்லையில் உட்கார்ந்து பார்த்தது மாதிரிதான். குரங்குகள் சிறுத்தையை நேரில் பார்த்து ஓடினவா, கத்தலைக் கேட்டு ஓடினவா?

1977இல் ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி என்ற தம்பதி அம்போசெலிக்குப் போனார்கள். பறவைக் குரல்களில் பெரிய பெயர் பெற்ற பீட்டர் மார்லர் அவர்களுக்கு வழிகாட்டி. அவர்கள் செய்த காரியம் சொல்லும்போது எளிது, செய்யும்போது பொறுமை வேண்டியது. முதலில் ஒவ்வொரு குரங்கையும் முகம் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டார்கள். நிஜமான சிறுத்தை, கழுகு, பாம்பு வந்தபோது யார் கத்தினார்கள் என்று குறித்துக்கொண்டு அந்தக் குரல்களைப் பதிவு செய்தார்கள். பிறகு எந்த எதிரியும் அக்கம்பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, புதர் மறைவில் ஒலிபெருக்கியை வைத்து, ஒரே ஒரு கத்தலை ஒலிக்கவிட்டார்கள். ஒலிப்பதற்குப் பத்து விநாடி முன்பிருந்தே படம் எடுக்கத் தொடங்கி, ஒலித்த பின்பும் பத்து விநாடி எடுத்தார்கள்.

அந்த முன் பத்து விநாடி ஏன் என்று என் மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். குரங்கு சும்மா இருக்கும்போதும் அவ்வப்போது மேலே பார்க்கும், கீழே பார்க்கும். கத்தலுக்குப் பிறகு மேலே பார்த்தது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் எவ்வளவு பார்த்துக்கொண்டிருந்தது என்ற கணக்கு கையில் வேண்டும். இல்லையென்றால் நாம் பார்க்க நினைத்ததைத்தான் பார்ப்போம்.

முடிவு தெளிவாக வந்தது. சிறுத்தை இல்லை, கழுகு இல்லை, பாம்பு இல்லை. இருந்தும் சிறுத்தைக் கத்தலைக் கேட்டு மரத்துக்கு ஓடின, கழுகுக் கத்தலைக் கேட்டு மேலே பார்த்தன, புதருக்குப் போயின, பாம்புக் கத்தலைக் கேட்டு எழுந்து நின்று கீழே பார்த்தன. ஏற்கெனவே மரத்தின் மேல் இருந்தவை கழுகுக் கத்தலைக் கேட்டதும் மேலே பார்த்ததோடு, சில மரத்தை விட்டு இறங்கியும் ஓடின. 1980இல் இது வெளியானது.

நீங்கள் கேட்ட 'பயத்துல வர்ற கத்தலா' என்ற கேள்வியை அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். சிறுத்தைக்குப் பயம் அதிகம், அதனால் நீளமாக, உரக்க. பாம்புக்குப் பயம் கம்மி, அதனால் மெதுவாக. கேட்கிற குரங்கு அந்தப் பயத்தின் அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்று வாதம் செய்யலாம் அல்லவா? அதனால் அதே கத்தல்களை நீளத்திலும் ஒலி அளவிலும் கூட்டிக் குறைத்துப் போட்டுப் பார்த்தார்கள். நீளமாகப் போட்டாலும் குட்டையாகப் போட்டாலும், உரக்கப் போட்டாலும் மெதுவாகப் போட்டாலும், கழுகுக் கத்தலுக்குக் கிடைத்தது கழுகுக்கான எதிர்வினைதான். பயத்தின் அளவு மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி நடக்காது.

அப்படியானால் அது சொல்தானே என்று இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பத்திரிகைகளும் 'குரங்குகளின் அகராதி' என்று எழுதி முடித்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதுவரை பார்த்தது முழுக்கக் கேட்பவர் பக்கம். கத்துபவர் பக்கம் பார்க்காமல் பேச்சு என்று சொல்லக்கூடாது.

கேட்பவர் பக்கத்திலேயே இன்னொரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பக்கத்து எல்லையிலிருந்து வேறு கூட்டம் வரும்போது வெர்வெட்கள் இரண்டு விதமாகக் குரல் கொடுக்கும். இரண்டும் காதுக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாது, ஆனால் சேதி கிட்டத்தட்ட ஒன்று. செனியும் செய்ஃபார்த்தும் ஒரு குறிப்பிட்ட குரங்கின் முதல் விதக் குரலை, எந்தக் கூட்டமும் வராத நேரத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். புலி வருது கதைதான். கொஞ்ச நேரத்தில் மற்றவை அதைச் சட்டை செய்வதை விட்டுவிட்டன. அப்புறம் அதே குரங்கின் இரண்டாவது விதக் குரலைப் போட்டார்கள். சத்தம் புதிது, ஆனாலும் சட்டை செய்யவில்லை. 'இது கூட்டம் வருகிறது என்று சொன்னால் நம்பாதே' என்று முடிவு கட்டியிருந்தன. ஆனால் சிறுத்தைக் கத்தலை அலுக்கும்வரை போட்டுவிட்டு, அதே குரங்கின் கழுகுக் கத்தலைப் போட்டால், உடனே மேலே பார்த்தன. அதாவது ஒரு குரலையும் இன்னொரு குரலையும் அவை ஒப்பிட்டுப் பார்த்தது ஓசையை வைத்து அல்ல, அது எதைக் குறிக்கிறது என்பதை வைத்து. யார் சொன்னது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டன, ஏனென்றால் வேறு குரங்கின் குரலுக்கு அந்த அவநம்பிக்கை இல்லை.

கேட்கிற குரங்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. இப்போது கத்துகிற குரங்கின் பக்கம் வருவோம்.

முதலில் கத்துபவருக்குச் சாதகமானதைச் சொல்கிறேன். அது தும்மல் மாதிரி தானாக வெடிக்கிற சத்தம் அல்ல. கூண்டில் வைத்துப் பார்த்தபோது, தன் குட்டி கூட இருக்கையில் பெண் வெர்வெட் அதிகம் கத்தியது, அதே வயதுள்ள வேறொன்றின் குட்டி இருக்கையில் குறைவாகக் கத்தியது. உங்கள் சேவலும் அப்படித்தான். பக்கத்தில் பெட்டை இருந்தால் பருந்தைப் பார்த்துக் குரல் கொடுக்கும், தனியாக இருந்தால் பெரும்பாலும் வாயைத் திறக்காது. ஆக, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது கத்தலைக் கூட்டுகிறது, குறைக்கிறது.

ஆனால் 'பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா' என்று குரங்கு பார்க்கிறதா? நாம் பேசும்போது அதைத்தான் பார்க்கிறோம். இதை மக்காக் இனக் குரங்குகளிடம் சோதித்தார்கள். நம் நாட்டுக்குரங்கும் அந்தக் குடும்பம்தான். வலை பிடித்த ஆள் ஒருவர் வந்து கூண்டுப் பக்கம் ஒளிந்துகொள்வதைத் தாய் பார்க்கிறது. ஒரு சமயம் குட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தது. இன்னொரு சமயம் குட்டி பார்க்கவில்லை, ஒன்றும் தெரியாமல் அந்த இடத்துக்குள் விடப்படுகிறது. இரண்டாவது சமயத்தில் தாய் கூடுதலாகக் கத்தி எச்சரிக்க வேண்டும் அல்லவா? எச்சரிக்கவில்லை. இரண்டு சமயமும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டது. குட்டியின் மனத்துக்குள் 'தெரியாமை' என்று ஒன்று இருப்பது தாய்க்குத் தட்டுப்படவே இல்லை. (சிம்பன்சிகளிடம் வேறு மாதிரி. உகாண்டா காட்டில் பாம்புப் பொம்மையை வழியில் வைத்துப் பார்த்தபோது, பாம்பை இன்னும் பார்க்காத கூட்டாளி பக்கத்தில் இருந்தால் அவை கூடுதலாகக் குரல் கொடுத்தன. ஆனால் சிம்பன்சி வாலுள்ள குரங்கல்ல, வாலில்லாக் குரங்கினம், நமக்கு நெருங்கிய உறவு.)

இன்னொன்று. வெர்வெட் தடம் பார்த்துப் புரிந்துகொள்வதில்லை. மலைப்பாம்பு மணலில் ஊர்ந்த தடத்தைக் கண்டு எச்சரிக்கையாவதில்லை, தடத்தைத் தாண்டிப் போய்ப் பாம்பைக் கண்ட பிறகுதான் துள்ளும். சிறுத்தை தான் அடித்ததை மரக்கிளையில் கொண்டுபோய்ப் போட்டு வைக்கும். மரத்தில் தொங்கும் அந்த இரையைப் பார்த்தும் 'பக்கத்தில் சிறுத்தை இருக்கும்' என்று வெர்வெட் கத்துவதில்லை. கத்தல் எதிரியின் உருவத்தோடு கட்டிப்போட்டது போல இருக்கிறது.

நம் கரையில் இதை விளக்குவது எளிது. பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு கடலோடியிடம், ஒரு பருவக்காற்றின் பெயரான 'கச்சான்' என்ற சொல்லை எடுங்கள். கச்சான் வீசும்போதும் அதைச் சொல்வார். வீசாத மாசியிலும், வீட்டுத் திண்ணையில் வலை பின்னிக்கொண்டு, 'போன கச்சானுக்கு இந்தப் பக்கம் மீனே இல்ல' என்பார். 'கச்சான் தொடங்கலையே இன்னும்' என்று இல்லாத காற்றைப் பற்றியும் பேசுவார். வெர்வெட்டின் கழுகுக் குரலுக்கு இந்த வசதி கிடையாது. 'நேற்று வந்த கழுகு' இல்லை, 'கழுகு வரக் காணோம்' இல்லை, 'அந்தப் பக்கம் போகாதே, கழுகு இருக்கும்' இல்லை. கழுகு முன்னால் இருக்கும்போது வாயில் வருவது மட்டும்தான்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, குட்டிக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது. கத்துவது, எதைப் பார்த்துக் கத்துவது, கேட்டால் என்ன செய்வது என்று இதை மூன்றாகப் பிரிக்க வேண்டும், மூன்றும் ஒரே வழியில் வருவதில்லை.

கத்தும் குரல் பெரும்பாலும் பிறவியிலேயே வருகிறது. குட்டியின் கழுகுக் குரல் சின்ன வயதிலேயே கழுகுக் குரலாகத்தான் இருக்கிறது. எதைப் பார்த்துக் கத்துவது என்பது தொடக்கத்தில் தாராளம். வானத்தில் எது வந்தாலும் குட்டி கழுகுக் குரல் கொடுக்கும். புறாவுக்குக் கொடுக்கும், உதிர்ந்து விழும் இலைக்குக்கூடக் கொடுத்திருக்கிறது. ஆனால் யானையைப் பார்த்துக் கழுகுக் குரல் கொடுப்பதில்லை. மேலிருந்து வருவது, தரையில் நடப்பது, நீளமாக நெளிவது என்று மூன்று பெட்டிகள் பிறவியிலேயே இருக்கின்றன. எதை அந்தப் பெட்டியில் வைத்திருப்பது, எதை எடுத்து வெளியே போடுவது என்பது வளர வளரப் படிகிறது. குட்டி நிஜக் கழுகைப் பார்த்துக் கத்தினால் பெரியவையும் கூடவே கத்தும். புறாவைப் பார்த்துக் கத்தினால் பெரியவை மேலே பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கும். இதைத் தாண்டித் தட்டிக்கொடுப்பதோ, தவறைத் திருத்துவதோ இல்லை. பாடம் நடக்கிறது, வாத்தியார் இல்லை.

மூன்றாவது, கேட்டதும் என்ன செய்வது. மூன்று நான்கு மாதக் குட்டி எந்தக் கத்தலைக் கேட்டாலும் தாயிடம் ஓடும், சில சமயம் ஆபத்தான பக்கமே ஓடிவிடும். ஆறு ஏழு மாதத்துக்குள் பெரியவை போலச் சரியாகச் செய்யத் தொடங்கிவிடுகிறது. கத்தலைக் கேட்டதும் முதலில் பெரியவர்களைத் திரும்பிப் பார்த்த குட்டிகள், பார்க்காதவற்றைவிடச் சரியாக நடந்துகொண்டன.

கேட்டுக் கற்பதில் இவை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொன்று: அம்போசெலியில் பளபளப்பான ஒரு மைனா இனப் பறவை இருக்கிறது. அதற்கும் கழுகு வகைக்கு ஒரு குரல், தரை எதிரிக்கு ஒரு குரல் உண்டு. வெர்வெட்கள் அந்தப் பறவையின் குரலைக் கேட்டே முதலாவதற்கு மேலே பார்க்கும், இரண்டாவதற்கு மரத்துக்குப் போகும். அந்தக் குரலை அவற்றால் எழுப்ப முடியாது. புரிந்துகொள்ள முடிகிறது.

எழுப்புவதில் இறுக்கம், புரிந்துகொள்வதில் தாராளம். இதை மிக அழகாகக் காட்டியது செனகலில் நடந்த ட்ரோன் சோதனை. அங்கிருக்கும் பச்சைக் குரங்கு வெர்வெட்டுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. சிறுத்தைக்கும் பாம்புக்கும் அது கத்தும். ஆனால் அங்கே கழுகுக்கென்று தனிக் கத்தல் கேட்டதாகப் பதிவே இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த யூலியா ஃபிஷரின் குழு அந்தக் குரங்குகளின் தலைக்கு மேல் ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டது. அவை வாழ்நாளில் கண்டிராத பொருள். மேலே பார்த்தன, ஓடின, ஒரு புதுக் கத்தலைக் கொடுத்தன. அதைப் பதிவு செய்து ஒப்பிட்டால், கண்டத்தின் மறுகோடியில் கிழக்கு ஆப்பிரிக்க வெர்வெட்கள் கழுகுக்குக் கொடுக்கும் கத்தலோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது. யாரும் கற்றுத்தரவில்லை, கேட்டுப் பழகவும் இடமில்லை. கத்தலின் அமைப்பு உடம்போடு வந்தது.

ஆனால் அதே குரங்குகள் சில நாள் கழித்து என்ன செய்தன தெரியுமா? ட்ரோனைப் பறக்கவிடாமல் அதன் இரைச்சலை மட்டும் மறைவிலிருந்து ஒலிக்கவிட்டார்கள். உடனே வானத்தைத் துழாவின. ஒரு சில தடவை மட்டுமே பார்த்த பொருளின் சத்தம், அதற்குள் பொருளுள்ளதாகிவிட்டது. 2019இல் வெளியான இந்த வேலையைப் படித்தபோது, இருபது வருடம் வகுப்பில் நான் மாற்றி மாற்றிச் சொன்னதெல்லாம் ஒரு இடத்தில் வந்து நின்றது போல இருந்தது. கத்தலுக்கு அர்த்தம் பெரும்பாலும் கேட்பவரின் தலைக்குள்தான் உண்டாகிறது.

இதற்கு முன்னாலேயே, 2015இல், பழைய வெர்வெட் கத்தல்களைக் கணினியில் புதிதாக அலசிப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. மூன்று கத்தல்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தே இருந்தன, ஆனால் கறாரான கோடு கிழித்தது போல அல்ல. அதோடு, சிறுத்தைக்குக் குரைக்கிற மாதிரியே ஆண் வெர்வெட் சண்டையிலும் குரைக்கிறது. சத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் நெருங்கி வருகின்றன. சண்டை நடப்பது தெரிந்த குரங்கு மரத்துக்கு ஓடுவதில்லை. அதனால் 'இந்தக் கத்தல் சிறுத்தை என்ற பெயர்ச்சொல்' என்று எழுதுவது தவறு என்றே நான் நினைக்கிறேன். கத்தல் ஒரு குறிப்பு. சுற்றி என்ன நடக்கிறது என்பதோடு சேர்த்து, கேட்பவர் அதிலிருந்து செய்தியை எடுத்துக்கொள்கிறார்.

நம் ஊர் நாட்டுக்குரங்கிடமும் இந்த வேலை நடந்திருக்கிறது. உச்சியில் முடி பிரிந்து குல்லாய் வைத்தது போலத் தெரியுமே, அழகர்கோயில் படிக்கட்டில் தேங்காய் மூடியைப் பிடுங்குமே, அதேதான். தென்னிந்தியக் காடுகளில் சிறுத்தை பொம்மையையும் மலைப்பாம்பு பொம்மையையும் காட்டிப் பதிவு செய்த அதன் எச்சரிக்கைக் கத்தல்களை 2007இல் அலசி வெளியிட்டார்கள். இரண்டு எதிரிக்கும் கத்தலின் ஒலியமைப்பில் வித்தியாசம் இருந்தது. கடமானும் கருமந்தியும் கொடுக்கும் எச்சரிக்கைக் குரலைக் கேட்டும் அவை ஓடும் என்று வேறு வேலைகள் காட்டின.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்கள் கோழிக்கு வராமல் விடக்கூடாது. கோழியிடமும் மார்லரின் குழு ஒலியைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தது. கூண்டிலிருந்த பெட்டைகள் பருந்துக் குரலுக்குக் குனிந்து ஒடுங்கி மேலே பார்த்தன, தரை எதிரிக் குரலுக்குக் கழுத்தை நிமிர்த்தி அக்கம்பக்கம் பார்த்தன. நீங்களும் கைபேசி வைத்துச் செய்து பார்க்கலாம், ஆனால் மூன்று இடத்தில் கெட்டுப்போகும்.

முதலாவது பதிவு. பருந்துக் குரல் மெல்லிசு. இரைச்சலைக் குறைப்பதாகச் சொல்லிக் கைபேசி அதையும் சேர்த்து விழுங்கிவிடும், அதுவும் கடல்காற்று அடிக்கிற நேரத்தில். ஒலிப்பதிவுச் செயலியில் அந்த வசதியை அணைத்துவிட்டு, கோழிக்குப் பக்கத்தில், காற்றுக்கு மறைவாக வைத்து எடுங்கள். நீங்களே காது கொடுத்துக் கேட்டால் மூலக் குரல் போல இருக்க வேண்டும். இரண்டாவது, ஒலிக்கவிடும் இடம். கையில் பிடித்துக்கொண்டு நின்றால் குஞ்சு உங்களைப் பார்த்துத்தான் ஓடும். சின்ன ஸ்பீக்கரை முந்தின நாளே கருவேல வேலிக்குள் வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து போடுங்கள். தாய்க்கோழி குஞ்சுகளின் கண்ணில் படாத நேரமாக இருக்க வேண்டும், வானத்தில் பருந்தோ காக்கைக் கூட்டமோ இருக்கக்கூடாது.

மூன்றாவதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். ஒரு தடவை குஞ்சு ஒடுங்கியதும், பக்கத்து வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்று திரும்பத் திரும்பப் போடுவோம். நான்காவது தடவை அது கிளறிக்கொண்டே இருக்கும். அது புரியாததால் அல்ல, அந்தக் குரலை நம்பாமல் போனதால். ஒரு நாளைக்கு ஒரு குரல், ஒரே ஒரு தடவை. அடுத்ததற்கு முன் நாலைந்து நாள் விடுங்கள். நடுவில் ஒரு முறை சும்மா கொக்கரிக்கும் சத்தத்தையும் போடுங்கள், அதற்கும் ஒடுங்கினால் ஸ்பீக்கரைக் கண்டுதான் பயப்படுகின்றன என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் ஒலிக்கும் முன் பத்து விநாடி, ஒலித்த பின் பத்து விநாடி வீடியோ எடுத்து வையுங்கள். குஞ்சு எத்தனை தடவை மேலே பார்த்தது என்று சத்தத்தை அணைத்துவிட்டு எண்ணுங்கள், எந்தக் குரல் போட்டீர்கள் என்று தெரியாத ஒருவரை விட்டு எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது.